போன் போட்டோவை மெயிலில் அனுப்பும்போது எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழெட்டு போட்டோதான் வச்சேன். மெயில் அவுட்பாக்ஸ்லயே நிக்குது, போகவே மாட்டேங்குது. ஏன்?

இன்றைக்குப் பெரும்பாலான போன்கள் வழக்கமாக எடுப்பது 12 மெகாபிக்சல் படம். ஐபோனில் அது 4032 × 3024 பிக்சல். இப்படி ஒரு படம் ஜேபெக் கோப்பாகும்போது 3 முதல் 5 எம்பி வரை வரும். இலைகள், கல், புல் என்று நுணுக்கம் நிறைந்த காட்சியாக இருந்தால் இன்னும் கூடும். வெள்ளைச் சுவரை எடுத்தால் குறையும். கேமராவில் 50 மெகாபிக்சல் என்று வைத்து எடுப்பவர்களுக்கு ஒரே படம் 10 எம்பியைத் தாண்டிவிடும்.

போன் திரையில் எல்லாப் படமும் ஒரே மாதிரி சின்னதாகத் தெரிவதால் எடை கண்ணுக்குத் தெரிவதில்லை. கேலரியில் படத்தைத் திறந்து மேலே தள்ளிப் பாருங்கள். சாம்சங் கேலரி, கூகுள் போட்டோஸ் இரண்டிலும் படத்தின் பிக்சல் அளவும் எம்பி அளவும் கீழே வரும். எட்டுப் படத்தையும் கூட்டினால் 28, 30 எம்பி என்று நிற்கும். ஜிமெயிலில் ஒரு மெயிலோடு இணைத்து அனுப்பக்கூடியது மொத்தம் 25 எம்பி. ஐகிளவுட் மெயிலில் 20 எம்பி. கணக்கு ஒரு படத்துக்கு அல்ல, மெயில் முழுவதுக்கும் சேர்த்து. இதைப் பலர் கவனிப்பதில்லை.

என் போட்டோ எல்லாம் சேர்த்து 22 எம்பிதான். 25 வரைக்கும் போகும்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் திரும்பி வந்துச்சு?

இதற்குக் காரணம் இரண்டு. இரண்டும் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் காரணம், படம் போகும் வழியில் கனம் ஏறுகிறது. மின்னஞ்சல் தொடக்கத்தில் வெறும் எழுத்துகளை அனுப்புவதற்காக வந்த ஏற்பாடு. படம் போன்ற கோப்பை அதில் அனுப்ப வேண்டுமானால் அதை எழுத்து வரிசையாக மாற்றித்தான் அனுப்ப முடியும். பேஸ்64 என்ற அந்த மாற்றத்தில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகிறது. வரிக்கு வரி முடிவுக் குறியும் சேர்கிறது. கடைசியில் கோப்பு ஏறக்குறைய 37 விழுக்காடு பெருக்கிறது. உங்கள் 22 எம்பி, வழியில் 30 எம்பி ஆகிவிடும். உங்கள் போனில் தெரிவது மாற்றத்துக்கு முந்தைய அளவு. வாங்குகிற சர்வர் பார்ப்பது மாற்றத்துக்குப் பிந்தைய அளவு.

இரண்டாவது காரணம், எல்லை என்பது உங்கள் பக்கம் மட்டும் இல்லை, வாங்குபவர் பக்கமும் உண்டு. ஜிமெயில் 2017 முதல் 50 எம்பி வரை உள்ள மெயிலையும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒரு கம்பெனியோ கல்லூரியோ சொந்த சர்வர் வைத்திருந்தால் கதை வேறு. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதை நிறுவிய நிலையிலேயே விட்டால் அது ஏற்கும் மெயிலின் உச்ச அளவு 10,240,000 பைட், அதாவது சுமார் 10 எம்பி. மாற்றத்தில் ஏறும் கனத்தைக் கழித்தால் அதற்குள் அடங்குவது சுமார் 7.4 எம்பி படம்தான்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு இது. ஜிமெயிலிலிருந்து ஜிமெயிலுக்கு என்றால் படங்கள் மொத்தம் 18 எம்பிக்குள். அலுவலக முகவரிக்கு என்றால், அவர்கள் எல்லை தெரியாதவரை 7 எம்பிக்குள்.

திரும்பி வந்த மெயில்ல இங்கிலீஷ்ல என்னென்னவோ இருக்கு. அளவுதான் பிரச்சினைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மெயில் அவுட்பாக்ஸிலேயே நின்றால் அது உங்கள் போனைவிட்டே கிளம்பவில்லை என்று பொருள். நெட் மெதுவாக இருக்கலாம், அல்லது உங்கள் மெயில் சேவையின் எல்லையே தாண்டியிருக்கலாம். அனுப்பியதாகக் காட்டிவிட்டுச் சில நிமிடத்தில் "Mail Delivery Subsystem" அல்லது "Mailer-Daemon" என்ற பெயரில் பதில் வந்தால், ஏதோ ஒரு சர்வர் அதை மறுத்திருக்கிறது. அந்தப் பதிலின் நடுவில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
552 5.3.4 Message size exceeds fixed limit
```

புள்ளி வைத்த மூன்று எண்களை மட்டும் பாருங்கள். 5.3.4 அல்லது 5.2.3 என்றிருந்தால் மெயில் பெரிது. படத்தைக் குறைத்தால் போய்விடும். 5.2.2 என்றிருந்தால் அவருடைய பெட்டி நிரம்பியிருக்கிறது. அப்போது நீங்கள் படத்தைக் குறைத்துக் குறைத்து அனுப்புவதில் பயனில்லை; அவருக்குப் போன் போட்டுப் பழைய மெயில்களை அழிக்கச் சொல்ல வேண்டும். ஒற்றை எண்தான் வித்தியாசம். அதைப் பார்க்காமல் மறுபடி மறுபடி அனுப்பி ஒரு நாளை வீணடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஐபோன்ல அனுப்பற நேரத்துல Small, Medium, Large, Actual Size-னு கேக்குது. எதைத் தொடணும்?

ஆப்பிளின் மெயில் ஆப்பில் இது ரொம்ப நாளாக இருக்கும் நல்ல வசதி. படங்களை இணைத்துவிட்டு மேலே Cc/Bcc என்ற நகல் பெறுவோர் வரியைத் தொட்டால், அங்கே படங்களின் மொத்த எம்பியும் இந்த நான்கு தேர்வும் வரும். அங்கே தொடாவிட்டாலும் அனுப்பும் அம்புக்குறியைத் தட்டும்போது ஒரு பட்டியல் எழும்பி, ஒவ்வொரு தேர்வுக்கும் எதிரே அதைத் தொட்டால் மெயில் எத்தனை எம்பி ஆகும் என்று காட்டும். படங்கள் ஏற்கெனவே சின்னதாக இருந்தால் கேட்காமலே அனுப்பிவிடும்.

என் பரிந்துரை: முதலில் Large-க்கு எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள். அது 7 எம்பிக்குள் இருந்தால் யோசிக்காமல் அதைத் தொடுங்கள். தாண்டினால் Medium-க்கு இறங்குவதைவிட, படங்களை இரண்டு மெயிலாகப் பிரித்து Large-லேயே அனுப்புவது நல்லது. காரணம், Large-க்கும் Medium-க்கும் இடையில் இருப்பது ஒரு படி இறக்கம் இல்லை, பெரிய பள்ளம். Medium-இல் படத்தின் நீளப் பக்கம் சுமார் 640 பிக்சலாகிவிடும். பேரன் பிறந்தநாள் படம் என்றால் முகம் தெரியும், போதும். எழுத்தோ எண்ணோ படிக்க வேண்டிய படம் என்றால் Medium-இல் அது போயே போய்விடும். Small-இன் நீளப் பக்கம் சுமார் 320 பிக்சல்தான். இன்றைய திரையில் அது தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். அதைத் தொட வேண்டிய சந்தர்ப்பம் இப்போது கிட்டத்தட்ட இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே தொடும் அளவு அந்த மெயிலில் உள்ள எல்லாப் படத்துக்கும் பொருந்தும். ஒரு படத்தைப் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் அதே மெயிலில் அனுப்ப இந்தப் பட்டியலில் வழியில்லை.

எவ்வளவு சின்னதாக்கினா எழுத்து படிக்க முடியாமப் போகும்? பத்திரத்தை போட்டோ எடுத்து அனுப்பணும்.

இதைக் கணக்குப் போட்டே சொல்லலாம்.

ஒரு ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். 4032 பிக்சல் நீளமுள்ள படத்தில் தாள் ஓரம் முதல் ஓரம் வரை நிறைந்திருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 13.6 பிக்சல் கிடைக்கிறது. அச்சிட்ட எழுத்து 2 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்தால், ஓர் எழுத்துக்கு 27 பிக்சல். தாராளம். படத்தைப் பாதியாக, அதாவது 2016 × 1512 ஆக்கினால் எழுத்து 13 பிக்சல். நன்றாகப் படிக்கலாம். நீளம் 1600 பிக்சல் என்றால் எழுத்து 11 பிக்சல்; கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம். 640 பிக்சலுக்கு இறக்கினால் எழுத்துக்கு 4 பிக்சல்தான் மிஞ்சும். அது எழுத்தாக இருக்காது, சாம்பல் கோடாக இருக்கும்.

தமிழ் எழுத்தில் இன்னொன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுத்தின் உருவம் கொஞ்சம் மங்கினாலும் சொல்லை ஊகித்துவிடலாம். தமிழில் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தப் புள்ளி 1600 பிக்சல் படத்தில் சுமார் 2 பிக்சலாக நிற்கும். 640-இல் ஒரு பிக்சல்கூடக் கிடைக்காமல் பக்கத்துச் சாம்பலோடு கரைந்துவிடும். அதற்கடுத்து ன, ண என்று சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பத்திரத்தில் ஒருவர் பெயர் தப்பாகப் படிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே தமிழ் ஆவணம் என்றால் நீளப் பக்கம் 2000 பிக்சலுக்குக் கீழே இறக்காதீர்கள். இது தாள் படம் முழுக்க நிறைந்திருந்தால்தான். மேசை, விரிப்பு, உங்கள் கட்டைவிரல் எல்லாம் தெரிய, தாள் நடுவில் பாதி இடத்தில் கிடந்தால் எழுத்துக்குக் கிடைப்பதும் பாதிதான். அப்போது சின்னதாக்குவதற்கு முன் ஓரத்தை வெட்டிவிடுங்கள். வெட்டுவதால் எழுத்தின் ஒரு பிக்சல்கூடக் குறையாது, ஆனால் எம்பி இறங்கும். வெட்டிவிட்டுப் பிறகு அளவைக் குறைப்பதா என்று பாருங்கள். பல நேரம் வெட்டியதே போதுமானதாக இருக்கும்.

என்னுது ஆண்ட்ராய்டு. ஜிமெயில் ஆப்ல அளவு எதுவும் கேக்கவே இல்லையே?

ஜிமெயில் ஆப் கேட்காது. இணைப்பு ஊசியைத் தொட்டுப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் இருக்கும் அளவிலேயே எடுத்துக்கொள்ளும். எல்லை தாண்டினால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க்காக அனுப்பச் சொல்லும். ஐபோனில் ஜிமெயில் ஆப் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். மேலே சொன்ன நான்கு தேர்வு ஆப்பிள் மெயில் ஆப்பில் மட்டும் வருவது. அதனால் இணைப்பதற்கு முன்பே படத்தைச் சின்னதாக்கிக்கொள்ள வேண்டும்.

சாம்சங் போனில் கேலரியிலேயே வழி இருக்கிறது. படத்தைத் திறந்து பென்சில் குறியைத் தொடுங்கள். மூன்று புள்ளியைத் தொட்டால் வரும் பட்டியலில் Resize இருக்கும். அதில் விழுக்காட்டில் அளவுகள் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அவசரப்பட்டுச் சேமிக்காதீர்கள். மறுபடி மூன்று புள்ளியைத் தொட்டு Save as copy கொடுங்கள். பிறகு அந்த நகலைத் திறந்து மேலே தள்ளி, பிக்சலும் எம்பியும் என்ன ஆயின என்று பாருங்கள். விழுக்காட்டு எண்ணை நம்புவதைவிட இது உறுதி.

ஒரு விஷயம் இங்கே பலரைக் குழப்பும். நீளம் பாதி, அகலம் பாதி என்றால் படம் பாதியாவதில்லை, கால்பங்காகிறது. 4032 × 3024 என்பது சுமார் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். 2016 × 1512 என்பது சுமார் 30 லட்சம். எம்பியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் விழும். 4 எம்பி படம் 1 எம்பி அக்கம்பக்கத்தில் வந்து நிற்கும். அதனால் ஒரு படி இறக்கினாலே போதுமான மிச்சம் கிடைத்துவிடும்.

ஐபோனில் ஜிமெயில் ஆப்தான் வேண்டும் என்பவர்கள் படத்தை Save to Files கொடுத்து ஃபைல்ஸ் ஆப்புக்குக் கொண்டுபோங்கள். அங்கே படத்தை அழுத்திப் பிடித்தால் Quick Actions, அதற்குள் Convert Image இருக்கும். ஐஓஎஸ் 16 முதல் இது உண்டு. வகை JPEG, அளவு Large என்று கொடுத்தால் புதுப் படம் பக்கத்திலேயே வந்துவிடும். வாங்குபவருக்கு ஐபோனின் ஹெயிக் வகைப் படம் திறக்கவில்லை என்ற தொல்லையும் இதிலேயே தீரும்.

மழையில பார்க்கிங்ல தண்ணி வந்து கார் மூழ்கிடுச்சு. இன்ஷூரன்ஸ்ல எட்டு போட்டோ மெயில் பண்ணச் சொல்றாங்க. எப்படி அனுப்பறது, ஒழுங்கா சொல்லுங்க.

உங்கள் எட்டுப் படம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்: வண்டியின் நான்கு பக்கம், உள்ளே இருக்கை, எஞ்சின் பகுதி, சேஸிஸ் எண், கையால் நிரப்பிய க்ளெய்ம் படிவம். முதல் ஆறும் தலா 3.6 எம்பி, சேஸிஸ் எண் 3.1, படிவம் 2.9. மொத்தம் 27.6 எம்பி. அலுவலக முகவரி, எல்லை தெரியாது. ஆகவே 7 எம்பிக்குள் கொண்டுவர வேண்டும்.

எட்டையும் ஒரே மாதிரி குறைக்காதீர்கள். ஒவ்வொரு படத்தையும் பார்ப்பவர் அதில் எதைத் தேடுவார் என்று யோசியுங்கள்.

வண்டியின் நான்கு பக்கமும் இருக்கையும் எஞ்சினும் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, சேறு எங்கெல்லாம் படிந்தது என்று காட்டத்தான். அதற்கு 1600 × 1200 தாராளம். ஒவ்வொன்றும் 400 கேபி அளவில் வரும். ஆறும் சேர்ந்து 2.4 எம்பி. நம்பர் பிளேட் தெரிகிறதா என்று ஒருமுறை விரித்துப் பாருங்கள்.

சேஸிஸ் எண்ணில்தான் கவனம் வேண்டும். 17 எழுத்தும் எண்ணும் கொண்டது அது. உலோகத்தில் பொறித்ததால் நிற வேறுபாடு கிடையாது, நிழலை வைத்துத்தான் படிக்க முடியும். படத்தில் அந்த வரி அகலத்தின் கால்பங்கில் இருக்கிறது என்று கொள்வோம்: சுமார் 1000 பிக்சலில் 17 எழுத்து, ஒன்றுக்கு 59 பிக்சல். இதை 640-க்கு இறக்கினால் எழுத்துக்கு 9 பிக்சல்தான். அழுக்குப் படிந்த உலோகத்தில் 8-ஐயும் B-யையும் பிரித்தறிய அது போதாது. ஒரு எழுத்து மாறினால் வேறு வண்டி என்றாகிவிடும். அதனால் இந்தப் படத்தைச் சின்னதாக்கவே வேண்டாம். வெட்டுங்கள். எண் இருக்கும் பட்டையையும் சுற்றிக் கொஞ்சம் இடத்தையும் விட்டு மற்றதை நீக்கினால் 3.1 எம்பி அரை எம்பி அளவுக்கு வந்துவிடும், எழுத்து ஒன்றுக்கு 59 பிக்சல் அப்படியே இருக்கும். வண்டியோடு சேர்ந்த தோற்றம் தெரிய வேண்டுமே என்று தோன்றினால், வெட்டாத படத்தையும் 1600-இல் கூட ஒன்று வையுங்கள்.

படிவத்தைப் பாதியாக்குங்கள். 2016 × 1512, சுமார் 0.8 எம்பி. கையெழுத்து என்பதால் அதற்குமேல் இறக்க மனம் வரவில்லை.

கூட்டினால் 2.4, 0.5, 0.8, அந்தக் கூடுதல் படத்துக்கு 0.4. மொத்தம் 4.1 எம்பி. வழியில் கனம் ஏறி 5.6 எம்பி ஆனாலும் 10 எம்பி எல்லைக்குள் நிம்மதியாகப் போய்ச்சேரும். மூலப் படங்களை க்ளெய்ம் முடியும்வரை போனிலிருந்து அழிக்காதீர்கள். பெரிய படம் வேண்டும் என்று பின்னால் கேட்க வாய்ப்புண்டு.

இவ்வளவு எதுக்கு, வாட்ஸ்அப்ல எனக்கே அனுப்பிச்சு சேவ் பண்ணினா தானா சின்னதாயிடுதே?

ஆகிவிடும். ஹெச்டி தேர்வைத் தொடாமல் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தின் நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்கு இறக்கிவிடும்; கோப்பு சில நூறு கேபிதான் இருக்கும். அவசரத்துக்கு, காட்சிப் படங்களுக்கு, இது கைவசம் உள்ள சுலபமான வழி. நானும் தடுக்க மாட்டேன்.

இரண்டு குறை உண்டு. படம் எடுத்த நாள், நேரம், இடம் ஆகியவை கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்அப் அதைத் துடைத்துவிடும். விபத்து, சேதம், எல்லைத் தகராறு என்று எப்போது எடுத்த படம் என்பதே கேள்வியாகும் இடத்தில் அது இழப்பு. அடுத்தது, பிக்சலைக் குறைப்பதோடு நில்லாமல் அது படத்தை இறுக்கியும் அமுக்குகிறது. எழுத்தின் ஓரத்தில் கொசு மொய்த்தது போலப் பொட்டுகள் வருவது அதனால்தான். ஏற்கெனவே ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நீங்கள் மறுபடி அதன் வழியே செலுத்தினால் அந்தப் பொட்டுகள் கூடும். ஆவணங்களுக்கு இந்த வழி வேண்டாம்.

ஜிப் பண்ணி அனுப்பினா குறையாதா? பிடிஎஃப் ஆக்கினா?

ஜிப்பில் குறையாது. ஜேபெக் என்பதே அமுக்கப்பட்ட வடிவம். அதை இன்னொரு முறை அமுக்கிப் பிழிந்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. 20 எம்பி படங்களை ஜிப் ஆக்கினால் 20 எம்பி சொச்சம் ஜிப் கிடைக்கும், அவ்வளவுதான்.

பிடிஎஃப் என்பது உறை மாதிரி. உள்ளே என்ன அளவுப் படத்தை வைக்கிறீர்களோ அந்த எடைதான். முதலில் படத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு பிடிஎஃப் ஆக்கினால் பல பக்கம் ஒரே கோப்பாக, வரிசை மாறாமல் போகும். பத்திரத்துக்கு அது நல்ல வழி.

படத்தைத் திரையில் வைத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புபவர்களும் உண்டு. ஐபோனில் அது பிஎன்ஜி வகையில் சேமிக்கப்படும். கேமரா படத்தை அந்த வகையில் வைத்தால் பிக்சல் குறைந்தும் எம்பி எதிர்பார்த்த அளவு குறையாது. சுற்று வழி, பலனும் குறைவு.

சின்னதாக்கினா என் போன்ல இருக்கற ஒரிஜினலும் சின்னதாயிடுமா?

ஆப்பிள் மெயிலில் தேர்ந்தெடுக்கும் அளவு, போகிற நகலுக்கு மட்டும். கேலரியில் இருப்பதை அது தொடாது. ஃபைல்ஸ் ஆப்பில் மாற்றுவதும் அப்படியே, தனி நகல்தான்.

சாம்சங் கேலரியில் மட்டும் கையைக் கவனமாக வையுங்கள். நகலாகச் சேமிக்காமல் நேராகச் சேமித்தால் அந்தப் படமே மாறிவிடும். அப்படி ஆகியிருந்தால் அதே படத்தைத் திருத்தத் திறந்து Revert இருக்கிறதா என்று உடனே பாருங்கள். இருந்தால் பழையபடி மீட்டுக்கொள்ளலாம். மற்றவருக்குப் போய்ச்சேர்ந்த சின்னப் படத்தை மறுபடி பெரிதாக்க வழி கிடையாது. இழுத்து விரித்தால் மங்கலாகத்தான் வரும்.

டிரைவ் லிங்க்கா அனுப்பிட்டா அளவுப் பிரச்சினையே இல்லையே?

உறவினர், நண்பர், கல்யாண ஆல்பம் என்றால் அதுவே சிறந்தது. படம் ஒரு பிக்சல்கூடக் குறையாமல் போகும். அலுவலகத்துக்கு என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. பல அலுவலகக் கணினிகளில் வெளி இணைப்புகளைத் திறக்கவே விடமாட்டார்கள். திறந்தாலும், நீங்கள் அனுமதி கொடுக்க மறந்திருந்தால் அவர் திரையில் அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். அவர் கேட்பார், நீங்கள் அடுத்த நாள்தான் பார்ப்பீர்கள். அனுப்பும்போதே இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டால் இது தீரும், ஆனால் ஆதார் போன்ற ஆவணங்களுக்கு அப்படித் திறந்துவைப்பது சரியில்லை.

ஐபோனின் மெயில் ஆப்பில் எல்லை தாண்டினால், படத்தை ஐகிளவுட்டில் ஏற்றி லிங்க்காக அனுப்பும் Mail Drop என்று ஒன்று கேட்கும். 5 ஜிபி வரை அனுப்பலாம், ஆனால் அந்த லிங்க் 30 நாள்தான் இருக்கும். கோப்பில் சேர்த்துவைத்து இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும் இடங்களுக்கு அது உதவாது. மெயிலோடு ஒட்டிப்போன சின்னப் படம் அங்கேயே இருக்கும்.

கேமராவுலயே சின்னதா எடுத்துட்டா இந்த வேலையே இல்லையே?

50, 108, 200 மெகாபிக்சல் என்று வைத்திருந்தால் 12-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். அன்றாடப் படத்துக்கும் ஆவணத்துக்கும் 12 போதும். அதற்குக் கீழே கேமராவில் குறைக்க வேண்டாம். அனுப்பும்போது குறைத்தால் மூலம் உங்களிடம் இருக்கும். எடுக்கும்போதே குறைத்தால் எங்கேயும் இருக்காது.

எல்லாம் பண்ணியும் பத்து எம்பிக்கு மேலயே நிக்குது. இருபது பக்கப் பத்திரம்.

பிரித்து அனுப்புங்கள். பக்கத்துக்கு 0.8 எம்பி என்றால் இருபது பக்கம் 16 எம்பி. ஏழு, ஏழு, ஆறு பக்கமாக மூன்று மெயில். ஒவ்வொன்றும் 5.6 எம்பியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும், வழியில் ஏறினாலும் 8-ஐத் தாண்டாது. தலைப்பு மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும், கடைசியில் மட்டும் 1/3, 2/3, 3/3 என்று போடுங்கள். முதல் மெயிலிலேயே மொத்தம் மூன்று மெயில், இருபது பக்கம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நடுவில் ஒன்று வராவிட்டால் அவருக்குத் தெரிய வேண்டும்.

அனுப்பியதும் உங்கள் அனுப்பிய மெயில் பெட்டிக்குப் போய் இணைப்பைத் திறந்து, கடைசிப் பக்கத்தின் மிகச் சின்ன எழுத்தை விரித்துப் படித்துப் பாருங்கள். அங்கே உங்களால் படிக்க முடிந்தால் அவராலும் முடியும்.